கட்டாய ஸ்கொயர் ஆஃபுக்கு முன்பே பொசிஷனை மூடும் நிரல்: எக்ஸிட் தோற்றால்?

கேள்வி: புரோக்கர் 3:20க்கு இன்ட்ராடே பொசிஷனை மூடிவிடுவார். அதற்கு முன்பே என் நிரல் மூட வேண்டும், எக்ஸிட் ஆர்டர் தோற்றால் என்ன செய்வது?

3:10க்கே தொடங்குங்கள், மறுமுயற்சிக்கு நேரம் வேண்டும். முதலில் காத்திருக்கும் ஸ்டாப்லாஸ் ஆர்டரை ரத்து செய்து, ரத்தானது உறுதியான பிறகு நிகர பொசிஷனைப் புதிதாகக் கேட்டு, அந்த அளவுக்கு மட்டும் எக்ஸிட் அனுப்புங்கள்.

பலர் மாட்டுவது டைம்அவுட்டில்தான். 100 பங்கு வாங்கியிருக்கிறீர்கள், விற்கும் ஆர்டருக்குப் பதில் வரவில்லை, நிரல் தோல்வி என்று நினைத்து மறுபடி 100 விற்கிறது. ஆனால் முதலாவதும் நிறைவேறியிருந்தால் இப்போது 100 ஷார்ட். பதில் வராதது தோல்வி அல்ல. ஆர்டர் அனுப்பும்போது அதில் நீங்கள் சேர்த்த டேக்கை வைத்து ஆர்டர் புக்கில் தேடுங்கள். நிலுவையில் இருந்தால் விலையை மாற்றுங்கள், 60 மட்டும் விற்றிருந்தாலும் அதே ஆர்டர்தான், மீதி 40க்குப் புதிதாக அனுப்ப வேண்டாம். நிராகரிக்கப்பட்டிருந்தால் காரணத்தைப் படித்துச் சரிசெய்த பிறகே புதிய ஆர்டர்.

லோயர் சர்க்யூட்டில் வாங்க ஆளே இல்லை என்றால் எந்த நிரலும் உதவாது (புரோக்கருக்கும் இதே கதிதான்). கணக்கில் முழுப் பணம் இருந்தால் டெலிவரிக்கு மாற்றலாம். 3:15க்கும் பொசிஷன் பூஜ்யமாகவில்லையா, நிரல் அலாரம் அடிக்கட்டும், அப்புறம் கையால் பாருங்கள்.