ரெஃபரன்ஸ் சோபா 224 பிக்சலுக்குள் சுருங்கும்போது

கேள்வி: வெற்று வரவேற்பறைப் படத்தில் மாஸ்க் போட்டு, எங்கள் கடைச் சோபாவின் படத்தை ஐபி-அடாப்டருக்கு ரெஃபரன்ஸாகக் கொடுக்கிறேன். அதே நிறத்தில் ஏதோ ஒரு சோபா வருகிறது, எங்கள் சோபா வருவதில்லை. எங்கே தவறு?

உங்கள் சோபாவின் படத்தை மாடல் எந்த அளவில் பார்க்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஐபி-அடாப்டர் அந்தப் படத்தை நேரடியாக வரைபவரிடம் கொடுப்பதில்லை. முதலில் அது கிளிப் என்ற என்கோடருக்குப் போகிறது. அந்த என்கோடர் 224×224 பிக்சலுக்கு மேல் எதையும் பார்ப்பதில்லை. பார்த்ததன் சாரத்தை, சாதாரண வகை அடாப்டர் 4 டோக்கன்களாகவும், பிளஸ் வகை 16 டோக்கன்களாகவும் சுருக்கிக் கொடுக்கின்றன. நேரில் பார்த்த சோபாவைத் தொலைபேசியில் தச்சரிடம் விவரிப்பது போன்ற நிலைதான் இது. நிறம், துணியின் தன்மை, கைப்பிடியின் பொதுவான வளைவு ஆகியவை போய்ச் சேரும். மெத்தைகளின் எண்ணிக்கையும் கால்களின் வடிவமும் பெரும்பாலும் போய்ச் சேராது.

இதில் பலரும் கவனிக்காத ஓர் இடம் உண்டு. என்கோடருக்குப் போகும் முன் படத்தின் சிறிய பக்கம் 224 ஆகச் சுருக்கப்பட்டு, நடுவில் ஒரு சதுரம் மட்டும் வெட்டி எடுக்கப்படுகிறது. 1500×700 அளவுள்ள சோபாப் படம் ஒன்றைக் கொடுத்தால், அது 480×224 ஆகி, அதில் நடுவிலுள்ள 224 பிக்சல் அகலம் மட்டுமே மிஞ்சும். இரண்டு கைப்பிடிகளும் மாடலின் கண்ணில் படுவதே இல்லை. முன்பு நான் ஓர் அறைகலன் கடைக்குப் படங்கள் செய்து கொடுத்தபோது, கைப்பிடி மட்டும் ஒவ்வொரு முறையும் வேறாக வந்ததற்கு இதுவே காரணம் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாட்கள் ஆயின. படத்தை முதலில் வெள்ளைப் பின்னணியில் சதுரமாக்கிக் கொடுத்தால் இந்தச் சிக்கல் தீரும்.

```python
ref = ImageOps.pad(ref, (1024, 1024), color="white")
pipe.set_ip_adapter_scale(0.6)
out = pipe(prompt="a sofa with two seat cushions, living room",
           image=room, mask_image=mask, ip_adapter_image=ref,
           width=1216, height=832, strength=0.99).images[0]
```

இது டிஃப்யூசர்ஸ் நூலகத்தில் எஸ்டிஎக்ஸ்எல் இன்பெயின்டிங் மாடலுக்கானது. அகலத்தையும் உயரத்தையும் நீங்களே கொடுக்காவிட்டால் 1024×1024 என்று அது எடுத்துக்கொண்டு அறையையே நெரித்துவிடும். `scale` மதிப்பை 0.5 முதல் 0.8 வரை வைத்துப் பாருங்கள். 1.0க்கு ஏற்றினால் சோபாவோடு சேர்த்து ஸ்டூடியோவின் வெள்ளைத் தரையும் அறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது மாஸ்க். மாஸ்க்கின் அகலத்தைக் கண்ணளவில் போட்டால், கிடைத்த இடத்தை நிரப்புவதற்காக மாடல் சோபாவை நீட்டும்; இரண்டு மெத்தை உள்ள சோபா மூன்று மெத்தை ஆவது இப்படித்தான். அறைப் படத்திலேயே அளவுகோல் இருக்கிறது. தரையில் 60 செ.மீ. டைல்ஸ் போட்டிருந்தால், சோபாவின் முன்கால்கள் நிற்கப்போகும் வரிசையில் ஒரு டைல் எத்தனை பிக்சல் அகலம் என்று அளந்து பாருங்கள். சுவரோரத்து டைலை அளக்கக் கூடாது, அது தூரத்தில் இருப்பதால் சிறியதாகத் தெரியும். அந்த வரிசையில் ஒரு டைல் 200 பிக்சல் என்றால், 210 செ.மீ. சோபாவுக்கு 700 பிக்சல் வேண்டும். மாஸ்க்கைச் சோபாவின் வடிவத்திலேயே வெட்டாமல், கீழே நிழல் விழுவதற்கும் சிறிது தரையை உள்ளடக்கிப் போடுங்கள். இல்லையென்றால் சோபா தரையில் நிற்காமல் மிதக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் வருவது உங்கள் சோபாவின் உடன்பிறப்புதான், அதே சோபா அல்ல. கணக்கு எளிது. சதுரமாக்கிய படத்தில் 210 செ.மீ. சோபா சுமார் 210 பிக்சலில் அடங்குகிறது, அதாவது ஒரு செ.மீ.க்கு ஒரு பிக்சல். முதுகிலுள்ள 3 செ.மீ. பொத்தான் அங்கே மூன்று பிக்சல் புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து பொத்தான்களின் எண்ணிக்கையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. பாணியைக் காட்டினால் போதும் என்னும் வேலைக்கு ஐபி-அடாப்டர் சரி. விற்கப்போகும் பொருளைக் காட்டும் வேலைக்கு, சோபாவின் பிக்சல்களையே உள்ளே அனுப்ப வேண்டும்.

அதற்கு நான் பயன்படுத்துவது பழைய ஒட்டுவேலைதான். சோபாவைப் பின்னணி நீக்கி வெட்டியெடுத்து, மேலே சொன்ன 700 பிக்சல் அகலத்துக்குக் கொண்டுவந்து, அறைப் படத்தில் அதற்குரிய இடத்தில் ஒட்டுகிறேன். பிறகு டிஃப்யூஷனை இரண்டு முறை தனித்தனியாக ஓட்டுகிறேன். முதல் முறை, சோபாவுக்கு அடியிலுள்ள தரையும் கால்களைச் சுற்றியுள்ள சிறு பகுதியும் மட்டும் மாஸ்க்கில் இருக்கும், `strength` 0.6 அளவில், நிழல் இங்கேதான் உருவாகிறது. இரண்டாம் முறை சோபா முழுவதும் மாஸ்க்கில், ஆனால் `strength` 0.3 முதல் 0.35 வரை மட்டும். 30 படிகள் கொடுத்திருந்தால் 0.35இல் உண்மையில் ஓடுவது பத்துப் படிகள்தான், ஆகவே வடிவம் கலையாமல் அறையின் வெளிச்சம் மட்டும் துணியில் படிகிறது. இந்த இரண்டாம் முறையில் 0.6ஐத் தாண்டியபோதெல்லாம் எனக்குப் பொத்தான்கள் இடம் மாறின அல்லது ஒன்று கூடிற்று.

இடையில் இன்னொரு வழியும் உண்டு. இடப்பாதியில் ரெஃபரன்ஸ், வலப்பாதியில் அறை என்று ஒரே கேன்வாஸில் வைத்து, வலப்பக்க அறையில் சோபா வரவேண்டிய இடத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு ஃப்ளக்ஸ் ஃபில் போன்ற மாடலிடம் கொடுப்பது. கிளிப் வழிச் சுருக்கம் இல்லாததால் நுணுக்கங்கள் நன்றாகவே வருகின்றன. கேன்வாஸ் இரட்டிப்பதால் நினைவகம் தாங்க வேண்டும், அவ்வளவுதான்.

நெசவு, லேபிள் எழுத்து போன்ற மிக நுண்ணியவற்றை இந்த வழிகளில் எதுவும் காப்பாற்றாது. எஸ்டிஎக்ஸ்எல்லின் விஏஇ ஒவ்வொரு 8×8 பிக்சல் கட்டத்தின் 192 எண்களை 4 எண்களாகச் சுருக்குவதால், `strength` எவ்வளவு குறைவாக இருந்தாலும் இரண்டு பிக்சல் தடிமனுள்ள தையல் கோடு அங்கேயே குழம்பிவிடும். அவற்றை வெட்டியெடுத்த படத்திலிருந்து கடைசியில் மேலே திரும்ப வைத்துவிடுகிறேன்.

ஒட்டுவேலைக்கு ஒரு நிபந்தனை உண்டு: கோணம் பொருந்த வேண்டும். நேர்முகமாக எடுத்த சோபாப் படத்தை, மூலையிலிருந்து எடுத்த அறையில் எப்படி ஒட்டினாலும் ஒட்டாது. தெரியாத பக்கவாட்டை மாடல் கற்பனையாகத்தான் வரையும். உங்கள் சோபா கடையிலேயே இருக்கிறது என்பதால், அறைப் படம் எடுத்த அதே உயரத்தில், அதே சாய்வில் நின்று கைப்பேசியில் இன்னொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடாப்டர் மதிப்புகளை மாற்றிக்கொண்டிருப்பதைவிட இது விரைவாக முடியும்.

முடிவைச் சரிபார்க்கும்போது மொத்தமாகப் பார்த்து ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டு படங்களையும் அருகருகே பெரிதாக்கி மெத்தை, பொத்தான், கால் என்று எண்ணுங்கள். நிறத்தை மட்டும் நேருக்கு நேர் ஒப்பிட வேண்டாம்: மஞ்சள் விளக்கு எரியும் அறையில் சாம்பல் துணி சற்றுப் பழுப்பாகத் தெரிவதே இயல்பு. அதே அறையின் வெள்ளைச் சுவர் எவ்வளவு மஞ்சளாகியிருக்கிறதோ, துணியும் ஏறத்தாழ அவ்வளவு மாறியிருந்தால் போதும்.