டிப்ளாய் முடிந்த அடுத்த இரண்டு நிமிடம்: கேள்வி பதில்

கும்பகோணத்தில் இருந்துகொண்டு, டெல்டா விவசாயிகள் அறுவடை இயந்திரம் வாடகைக்குப் பதிவு செய்யும் சேவை ஒன்றின் பேக்எண்டைக் கவனிக்கிறேன். டிப்ளாய் ஆன கையோடு ஓட்டுகிற ஸ்மோக் டெஸ்ட் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மன்னார்குடி: அக்கா, டிப்ளாய் முடிஞ்சதும் `/health`-க்கு curl அடிக்கிறேன், 200 வருது. இது போதாதா?

போதாது தம்பி. சம்பா அறுவடை உச்சத்தில் இருந்த ஒரு தை மாதத்தில் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். டயர் வண்டி கேட்டவர்களுக்கும் பெல்ட் வண்டியின் மணி வாடகையையே எங்கள் கணக்கு போட்டுக்கொண்டிருந்தது. அதைத் திருத்தி ஒரு சாயங்காலம் வெளியிட்டோம். `/health` 200 சொன்னது, டெஸ்ட் பச்சை, எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டோம். மறுநாள் மத்தியானம் திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு விவசாயி கூப்பிட்டு, பில் இன்னும் தப்பாகத்தான் வருகிறது என்றார்.

உள்ளே போய்ப் பார்த்தால், புதிய கோடை ஓட்ட வேண்டிய பாட் எழுந்திருக்கவே இல்லை. எஸ்எம்எஸ் கீயை வேறு பெயரில் படிக்கும்படி கோடில் மாற்றியிருந்தோம். அந்தப் பெயரில் சர்வரில் எதையும் வைக்கவில்லை. புதியது தொடங்கியதும் விழும், மறுபடி தொடங்கும், மறுபடி விழும். குபர்னெட்டிஸ் ரோலிங் அப்டேட்டில் புதியது தயாராகாமல் பழையதை முழுதாக எடுக்காது. அதனால் பழைய பாட்கள் நிம்மதியாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. நாங்கள் நாடி பிடித்துப் பார்த்தது பழைய ஆளுக்கு.

`kubectl apply` கட்டளையை வாங்கிக்கொண்டதும் திரும்பிவிடும். வேலை முடிந்ததா என்று பார்க்காது. ஆகவே முதலில் ரோல்அவுட் முடியும்வரை காத்திருக்க வேண்டும். அப்புறம், பதில் சொல்வது யார் என்று கேட்க வேண்டும்.

```
set -euo pipefail
kubectl rollout status deployment/booking --timeout=180s
want=$(git rev-parse HEAD)
for i in $(seq 10); do
  got=$(curl -fsS --max-time 5 "$URL/version" | jq -r .commit)
  [ "$got" = "$want" ]
done
```

பத்து முறை கேட்பது, பின்னால் பல பாட்கள் இருப்பதால். கமிட் எண்ணை இமேஜ் கட்டும்போதே உள்ளே பதித்துவிடுங்கள். வெளியே கான்ஃபிக்கில் வைத்தால், கோடு பழையதாக இருக்கும்போதே எண் மட்டும் புதிதாகக் காட்டும்.

நாகப்பட்டினம்: மேடம், வேணும்னே 500 வரவச்சேன். அப்பவும் பைப்லைன் பச்சைதான். ஏன்?

`-f` போடவில்லை. பதில் என்று ஒன்று வந்துவிட்டால் curl-க்கு அது வெற்றிதான், 500 ஆனாலும் வெளியேறும் எண் 0. `-f` போட்டால் 400-உம் அதற்கு மேலும் வருவதற்கெல்லாம் 22 என்று வெளியேறும். அப்போதும் லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடும் 302 தப்பித்துவிடும். இன்னொன்று, nginx-இல் `try_files` கடைசியில் `index.html` இருந்தால், ஏபிஐ பாதை தவறினாலும் அந்தப் பக்கத்தையே 200-ஓடு தரும். எண்ணைப் பார்த்து ஏமாறாமல், உள்ளே வந்த ஜேசனில் ஒரு மதிப்பைச் சரிபாருங்கள்.

தஞ்சாவூர்: ஆயிரம் பேர் ஒரே நேரத்துல வந்தா தாங்குமான்னு இதுலயே பாத்துடலாமா?

அது லோடு டெஸ்ட். தனிச் சூழலில், தனியாக ஒரு நாள் வைத்துச் செய்யுங்கள்.

மயிலாடுதுறை: புரொடக்ஷன்ல டெஸ்ட் டேட்டா எழுதுறது பெரிய தப்பு மேடம். GET மட்டும் அடிச்சா போதும்.

உங்கள் பயம் நியாயம், முடிவு சரியில்லை. மேட்டூரில் திறந்தாயிற்று என்று கேட்டதும் கடைமடைக்காரர் தண்ணீர் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்வதில்லை. தன் வாய்க்காலில் போய்ப் பார்த்துத்தான் நம்புவார். எங்கள் சேவைக்குக் கடைமடை என்பது, ஒரு பதிவு டேட்டாபேஸில் போய் உட்காருவது.

ஒருமுறை போஸ்ட்கிரெஸில் புதிய டேபிள் சேர்த்தோம். டேபிளுக்கு அனுமதி கொடுத்தோம். அதன் `id` எண்ணைத் தருகிற சீக்வென்ஸுக்குக் கொடுக்க மறந்தோம். பட்டியல் அழகாக வரும், பதிவு செய்தால் மட்டும் `permission denied for sequence`. எத்தனை GET அடித்தாலும் இது தெரியாது.

ஆனால் எழுதுவதில் நாங்களும் அடிபட்டிருக்கிறோம். எங்கள் டெஸ்ட் பதிவு ராத்திரி பத்தரைக்கு நீடாமங்கலத்தில் ஒரு நிஜ டிரைவருக்கு எஸ்எம்எஸ்ஸாகப் போய், அவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். அதற்குப் பிறகு டெஸ்டுக்கென்று தனி வாடிக்கையாளர், எந்தத் தாலுகாவிலும் சேராத தனி வண்டி. இரண்டுக்கும் எங்கள் ஆபீஸ் செல் நம்பர்தான்.

மயிலாடுதுறை, மறுபடி: அந்த டெஸ்ட் பதிவை அழிக்கிற வேலை பாதியில நின்னா? மாசக் கணக்குல கலந்துடாதா?

கலக்கும். அதனால்தான் பதிவு டேபிளிலேயே `is_smoke` என்று ஒரு நெடுவரிசை வைத்து, ரிப்போர்ட்கள் எல்லாம் அதை விலக்கும்படி செய்திருக்கிறோம். முந்தைய மிச்சத்தை அடுத்த டெஸ்ட் தொடங்கும்போதே அழிக்கிறோம். முடிவில் மட்டும் அழித்தால், நடுவில் விழுந்த டெஸ்ட் குப்பையை விட்டுப் போகும்.

திருவாரூர்: குறுக்கே வர்றேன். நாங்க நிஜமாவே ஒரு ரூபா கட்டிப் பாத்து ரீஃபண்ட் போடுறோம். பணம் வராம மத்தது சரியா இருந்து என்ன பயன்?

ஒரு நாளைக்கு ஆறு டிப்ளாய் போகிற எங்களுக்கு அது ஒத்துவராது. ஆறு ரீஃபண்டையும் கணக்காளர் பொருத்திப் பார்க்க வேண்டும். பேமெண்ட் கேட்வேயில் ஆர்டர் உருவாவதோடு நிறுத்திக்கொள்கிறோம். கீ தப்பாக இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும்.

திருவாரூர்: பணம் கட்டினதும் கேட்வே உங்களுக்குத் திருப்பிச் சொல்ற வெப்ஹுக்? அது உடைஞ்சா?

அது தெரியாதுதான். அந்த ஓட்டை எங்களிடம் இருக்கிறது. வாரம் ஒரு முறை கையால் கட்டிப் பார்க்கிறோம். நடுவில் உடைந்தால் வாடிக்கையாளர் சொல்லித்தான் தெரியும்.

மயிலாடுதுறை: இதுக்குத்தான் சொன்னேன், எழுதவே வேணாம்னு.

எழுதாமல் இருந்தால் வெப்ஹுக் சரியாகிவிடுமா? இந்த விஷயத்தில் நீங்களும் நானும் ஒத்துப்போகப் போவதில்லை. மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கும்பகோணம்: `/health` 200 வந்தா சர்வீஸ் ஓடுதுன்னுதானே அர்த்தம்?

முதல் பதிலைப் படியுங்கள். பழைய பாட்களும் 200 சொல்லும்.

பட்டுக்கோட்டை: சில நேரம் ஃபெயில், திரும்ப ஓட்டினா பாஸ். அதனால மூணு ரிட்ரை போட்டுட்டேன் அக்கா.

எடுத்துவிடு தம்பி. மூன்று பாட்களில் ஒன்று கெட்டிருக்கிறது என்று வை. மூன்று முயற்சியும் அந்தக் கெட்டதிலேயே போய் விழ 27-இல் ஒரு வாய்ப்புதான். அதாவது கிட்டத்தட்ட எப்போதும் பாஸ் காட்டும். ஆனால் உன் வாடிக்கையாளர்களில் மூன்றில் ஒருவர் தவிப்பார். இணைப்பே கிடைக்காதபோது மட்டும் முதல் அரை நிமிடத்துக்கு ரிட்ரை வைத்துக்கொள். தப்பான பதில் வந்தால் அங்கேயே நிறுத்து. பதிலில் பாட் பெயரையும் அனுப்பச் செய். எது கெட்டது என்று உடனே தெரியும்.

வேதாரண்யம்: 200 வந்தும் ஆப் வேலை செய்யல. ஏன் மேடம்?

மேலே மூன்று இடத்தில் இருக்கிறது. குறிப்பாக நாகப்பட்டினத்துக்குச் சொன்னது.

பாபநாசம்: டெஸ்ட் விழுந்தா தானாவே ரோல்பேக் ஆகுற மாதிரி வச்சிடலாமா?

கோடு மட்டும் மாறியிருந்தால் வைக்கலாம், `kubectl rollout undo` போதும். டேபிளும் மாறியிருந்தால் யோசியுங்கள். இந்த வெளியீட்டில் ஒரு நெடுவரிசையை அழித்திருந்தால், திரும்பி வருகிற பழைய கோடு அதைத் தேடி விழும். ஒரு பழுது இரண்டாகும். நாங்கள் புதிய நெடுவரிசையை ஒரு வெளியீட்டில் சேர்ப்போம். பழையதை அடுத்த வெளியீட்டில், அதுவும் ஒரு வாரம் கழித்துத்தான் அழிப்போம். அந்த ஒரு வாரமும் தானியங்கி ரோல்பேக்கை ஓட விடுவோம். அழிக்கிற நாளில் மட்டும் நிறுத்திவைத்துவிட்டு, ஒருவர் உட்கார்ந்து பார்ப்பார்.