வர முடியாது என்று சொல்ல எத்தனை மன்னிப்பு வேண்டும்?

வணக்கம் ஐயா. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன், தமிழ் ஆசிரியை. முன்பு என்னோடு வேலை பார்த்தவர் இப்போது புதுச்சேரியில் ஒரு பள்ளியில் இருக்கிறார். அங்கே ஞாயிற்றுக்கிழமை பேச்சுப்போட்டி, நடுவராக வாருங்கள் என்று கேட்டார். வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியது இது: “சார், ரொம்ப ரொம்ப சாரி. நீங்க கேட்டு இப்படிச் சொல்றது எனக்கே கஷ்டமா இருக்கு. காலையில மாமியாரைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும், வீட்ல வேற ஆள் இல்ல. தப்பா எடுத்துக்காதீங்க சார். அடுத்த தடவை கண்டிப்பா வர்றேன். மறுபடியும் சாரி.” அவரோ, “பரவாயில்லை மேடம், மதியம் 2 மணிக்கு வந்தால் போதும், பக்கத்து ஊர்தானே” என்று பதில் போட்டார். போய்விட்டுத்தான் வந்தேன். வாரம் முழுக்க விடைத்தாள் திருத்திய எனக்கு ஓய்வு அந்த ஒரு நாள்தான். மன்னிப்புக் கேட்காமல் மறுத்தால் திமிர் என்று நினைக்க மாட்டார்களா? எவ்வளவு வருத்தம் தெரிவித்தால் போதும்?

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பியதை மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். இரண்டு சாரி இருக்கிறது, ஒரு கஷ்டம் இருக்கிறது, ஒரு கெஞ்சல் இருக்கிறது. ‘என்னால் வர இயலாது’ என்ற வரி மட்டும் எங்கேயும் இல்லை. மன்னிப்பே மறுப்பைச் சொல்லிவிடும் என்று நம்பி விட்டுவிட்டீர்கள். அவர் கண்ணில் பட்டது, காலையில் ஒரு வேலை இருக்கிறது என்பதுதான். அதற்கு வழி சொன்னார். அவர் மேல் தப்பே இல்லை. இடைஞ்சலைச் சொன்னால் எதிராளி அதை நீக்கத்தான் பார்ப்பார். அதிலும் உங்கள் உண்மையான காரணம் ஓய்வு. டாக்டர் விஷயம் நிஜமே என்றாலும், அது அரை நாளுக்குத்தான் தாங்கும்.

“தப்பா எடுத்துக்காதீங்க” என்பது அடக்கமாகத் தோன்றும். ஆனால் அதைப் படித்தவர் முதலில் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கிறது. ‘பரவாயில்லை மேடம்’ என்று அவர் ஆரம்பித்தது அதனால்தான். அவருக்கு அப்போது தேவைப்பட்டது ஒரே ஒரு தகவல்: நடுவருக்கு வேறு ஆள் தேட வேண்டுமா, வேண்டாமா? அதுதான் கிடைக்கவில்லை.

நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

“வணக்கம் சார். என்னை நினைத்துக் கேட்டதற்கு நன்றி. இந்த ஞாயிறு என்னால் வர இயலாது, வருந்துகிறேன். நீங்கள் வேறு ஒருவரை ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும் என்பதால் உடனே சொல்லிவிடுகிறேன். போட்டி நன்றாக நடக்கட்டும்.”

வருத்தம் ஒரே ஒரு சொல்தான். இதில் யாருக்கும் திமிர் தெரியாது. வணக்கம் இருக்கிறது, நன்றி இருக்கிறது, அவருடைய சிரமத்தை யோசித்திருக்கிறீர்கள். எல்லாவற்றையும் விட, தாமதிக்காமல் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டு நாள் கழித்துப் பத்து சாரியோடு வரும் பதிலைவிட அன்றைக்கே வரும் இந்தப் பதில்தான் மரியாதை. “மதியமாவது வாங்களேன்” என்று அவர் கேட்டால், “அன்றைக்கு முழுக்கவே முடியாது சார்” என்று அதையே இன்னும் சுருக்கிச் சொல்லுங்கள். புதுக் காரணம் சேர்க்காதீர்கள். சேர்த்தால் அதற்கும் ஒரு வழி வரும்.

எவ்வளவு வருத்தம் என்பதை, உங்களால் எதிராளிக்கு என்ன நஷ்டம் என்பதை வைத்துத்தான் அளக்க வேண்டும். கேட்டார், நீங்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் நஷ்டம் அவருக்கு மிகச் சிறியது. ஒரு வரி போதும். அதுவே நீங்கள் சரி என்று சொல்லி, அழைப்பிதழில் பெயரும் அச்சாகி, வெள்ளிக்கிழமை இரவு பின்வாங்கினால் கதை வேறு. அப்போது வாட்ஸ்அப் போதாது, போன் செய்ய வேண்டும். “ஒப்புக்கொண்டு கடைசி நேரத்தில் சொல்கிறேன், மன்னித்துவிடுங்கள்” என்று எது தப்போ அதன் பெயரைச் சொல்லி, ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும். அப்புறம் நடுவராக வரக்கூடிய இன்னொருவரிடம் நீங்களே பேசிச் சம்மதம் வாங்கிக் கொடுக்க வேண்டும். அங்கேயும் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டால், ஆள் தேட வேண்டிய நேரத்தில் அவர் உங்களைச் சமாதானப்படுத்திக்கொண்டிருப்பார்.

பழக்கம் ஒரே நாளில் போகாது. முதலில் கை போன போக்கில் எல்லா சாரியையும் எழுதிவிடுங்கள். அனுப்பும் முன் ஒன்றை மட்டும் விட்டு மற்றதை அழியுங்கள். ‘வர இயலாது’ என்பது முதல் மூன்று வரிக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். போனில்தான் கஷ்டம். மறுத்ததும் எதிர்ப்பக்கம் ஒரு கணம் அமைதியாக இருக்கும். அந்த இடைவெளி தாங்காமல்தான் நாம் காரணமும் சாரியும் அடுக்குகிறோம். அவர் யோசிக்கிறார், அவ்வளவுதான். பேசட்டும் என்று விடுங்கள்.

‘அடுத்த தடவை கண்டிப்பா’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதை அவர் நினைவில் வைத்திருப்பார், அடுத்த போட்டிக்கு நிச்சயம் கேட்பார். நடுவர் வேலையில் விருப்பம் இருந்தால் போங்கள். இல்லையென்றால் அதற்கு முன்பே, பேச்சுவாக்கில், “ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எங்கேயும் போவதில்லை சார், வார நாளில் ஏதாவது இருந்தால் கேளுங்கள்” என்று சொல்லிவிடுங்கள். இதற்கு சாரி தேவையே இல்லை.

அன்புடன்.