கடையில் பாட்டு போட உரிமம்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

மாதாமாதம் காசு கட்டித்தான் ஸ்பாட்டிஃபை வைத்திருக்கிறேன். கடையில் போட அது போதாதா?

போதாது. அந்தக் கணக்கு சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று அவர்களுடைய நிபந்தனையிலேயே இருக்கிறது. கடைகளுக்கென்றே பாட்டு தரும் சேவைகள் தனியாக உண்டு. அதிலும், பொது இடத்தில் ஒலிக்கவிடும் உரிமம் சந்தாவில் சேர்ந்ததா இல்லையா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சில சேவைகள் அதை உங்கள் தலையில் விட்டுவிடும்.

இசையமைப்பாளர், பாடலாசிரியர் சங்கத்தில் உரிமம் வாங்கி கல்லா பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறேன். இப்போது இன்னொரு நிறுவனம் பணம் கேட்டுக் கடிதம் போடுகிறது. ஒரே பாட்டுக்கு இரண்டு தடவையா? மோசடிதானே?

மோசடி என்று தூக்கிப் போடாதீர்கள். பதிவான ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. மெட்டும் வரிகளும் ஒன்று, அதைப் பாடிப் பதிந்த ஒலிப்பதிவு இன்னொன்று. முதலாவது எழுதியவர்களுடையது, இரண்டாவது பெரும்பாலும் ஒலிப்பதிவு நிறுவனத்துடையது. நீங்கள் கட்டியது முதலாவதுக்கு. பல நாடுகளில் இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கேட்கும். பிரிட்டனில் 2018 முதல் இரண்டையும் சேர்த்து ஒரே உரிமமாகத் தருகிறார்கள். அமெரிக்காவில் கடைக்குள் சிடி போட்டால் ஒலிப்பதிவுப் பக்கத்துக்குப் பணமே கிடையாது.

ஆனால் கேட்ட தொகையை அப்படியே கட்டவும் வேண்டாம். யாருடைய பதிவுகளுக்காகக் கேட்கிறார்கள், எந்த அதிகாரத்தில், எந்தத் தேதியிலிருந்து, கட்டணத்தை எதை வைத்துக் கணக்கிட்டார்கள் என்று எழுதிக் கேளுங்கள். நான் உரிமப் படிவங்கள் சரிபார்த்த காலத்தில் ஒரு காபிக் கடைக்கு 900 சதுர அடி என்று பில் போனது. கட்டண விதி சொன்னதோ வாடிக்கையாளர் உட்காரும் இடத்தை மட்டும். கடைக்காரர் டேப் வைத்து அளந்தார். சமையல்கட்டு, சரக்கு அறை, பின்வாசல் நடை எல்லாம் கழிந்து 520 நின்றது. கையால் போட்ட வரைபடத்தோடு அனுப்பினார், பில் திருந்தி வந்தது. கடிதத்துக்குப் பதிலே போடாமல் விட்டிருந்தால் இது நடந்திருக்காது.

அண்ணன் சும்மா பயமுறுத்துகிறார். அமெரிக்காவில் சின்னக் கடைக்கு உரிமமே வேண்டாம், சட்டத்திலேயே இருக்கிறது.

பாதி சரி, தம்பி. 1998-இல் வந்த விலக்கு அது. சாப்பாட்டுக் கடை 3,750 சதுர அடிக்குள், மற்ற கடை 2,000-க்குள் இருந்தால் போதும். ஆனால் ரேடியோ, டிவி ஒலிபரப்பை அப்படியே ஒலிக்க விடுவதற்குத்தான் அந்த விலக்கு. சிடிக்கும் போனில் இருக்கும் பாட்டுக்கும் பொருந்தாது. அந்த நாட்டுக்கு வெளியேயும் செல்லாது. 2000-இல் உலக வர்த்தக அமைப்பின் நடுவர் குழு இந்த விலக்கு அந்த அமைப்பின் அறிவுசார் சொத்து ஒப்பந்தத்துக்கு முரண் என்றே சொன்னது.

முரண் என்றால் ஏன் இன்னும் சட்டத்தில் இருக்கிறது? சரி, அதே ரேடியோ நிலையத்தை ஆப்பில் போட்டால்?

நாடுகளுக்கு இடையிலான வழக்கில் தோற்றதால் உள்நாட்டுச் சட்டம் தானாக அழிந்துவிடாது. அதை நாடாளுமன்றம்தான் மாற்ற வேண்டும். ஆப் பற்றி நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. நிகழ்ச்சி ஒன்றுதான், வந்து சேரும் வழி வேறு. இரண்டு பக்கமும் வாதாட இடமிருக்கிறது. என் கடையாக இருந்தால் ஆன்டெனா உள்ள பழைய ரேடியோவையே வைப்பேன்.

நான் கேட்கலாமா? எங்கள் கடையில் சனிக்கிழமை ஒரு பையன் கிட்டார் வாசிக்கிறான்.

இங்கே பேசுவது பதிவுசெய்த இசை. நேரடி வாசிப்பில் ஒலிப்பதிவுப் பக்கம் கிடையாது, மெட்டுக்கு மட்டும் பாருங்கள்.

பீத்தோவன் போட்டால்? அவர் இறந்து இருநூறு வருடம் ஆகப் போகிறதே.

மெட்டு இலவசம். போன வருடம் வாசித்துப் பதிந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்களே!

யூடியூப் ப்ரீமியம் பரவாயில்லையா?

முதல் பதில்.

ஆப்பிள் மியூசிக்?

முதல் பதில், ஐயா. பெயர் மாறினால் பதில் மாறாது.

என் நண்பர் இசையமைப்பாளர். "என் பாட்டைத் தாராளமாகப் போடு" என்று வாட்ஸ்அப்பில் எழுதியே கொடுத்துவிட்டார். இது போதும்தானே?

இதில்தான் நல்லவர்கள் மாட்டுகிறார்கள். அவர் ஏதாவது சங்கத்தில் உறுப்பினரா என்று கேளுங்கள். பல சங்கங்களில் சேரும்போதே, பொது இடத்தில் இசைக்கும் உரிமையை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் உங்களுக்கு அனுமதி தர அவரிடமே உரிமை இருக்காது. உறுப்பினர் இல்லை என்றால், பாட்டின் பெயரும், அவர், வரி எழுதியவர், பாடியவர், பதிவுக்குச் செலவு செய்தவர் என எல்லோருடைய சம்மதமும் ஒரே தாளில் இருக்கட்டும். "ராயல்டி ஃப்ரீ" என்று வாங்கிய இசைக்கும் இதே சிக்கல்தான். வாங்கிய ரசீதையும் அன்றைய நிபந்தனைப் பக்கத்தையும் சேமித்து வையுங்கள்.

அவர் சங்கத்தில் இருக்கிறாராம். ஆனால் பாடியவர் சங்கத்தில் இல்லை. இப்போது?

பாடியவர் சம்மதம் தனி, மெட்டுக்குச் சங்கத்திடம் போங்கள். ஒலிப்பதிவு யார் கையில் இருக்கிறது என்று இன்னும் நீங்கள் சொல்லவில்லை.