மோனோஹைட்ரேட்டா, ஹைட்ரோகுளோரைடா?

கேள்வி: வயது 46, கொழிஞ்சாம்பாறையில் வங்கிக் கணக்காளர், சைவம். இருபது வருடம் கழித்து மறுபடியும் எடை தூக்க ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகிறது. தசைப் பலத்துக்கான கிரியேட்டின் பொடி வாங்கப் போனால், ஹைட்ரோகுளோரைடு வகைதான் நல்லது, முக்கால் கிராம் போதும், உடம்பில் நீர் கோக்காது என்கிறார் கடைக்காரர். விலையோ அதிகம். எதை வாங்குவது? சிறுநீரகத்துக்குக் கெடுதல் வருமா?

பதில்: வேறெதுவும் கலக்காத சாதாரண கிரியேட்டின் மோனோஹைட்ரேட்டையே வாங்குங்கள். நீங்கள் கணக்கர் என்பதால் காரணத்தையும் கணக்காகவே சொல்கிறேன். மோனோஹைட்ரேட்டின் எடையில் ஏறத்தாழ 88 விழுக்காடு கிரியேட்டின், மீதி நீர். ஹைட்ரோகுளோரைடில் அது 78 விழுக்காடுதான். ஆகவே கடைக்காரர் சொல்லும் முக்கால் கிராமில் உங்களுக்குக் கிடைப்பது 0.6 கிராமுக்கும் சற்றுக் குறைவு. 5 கிராம் மோனோஹைட்ரேட்டிலோ 4.4 கிராம். உடல் நாள்தோறும் சுமார் 2 கிராம் கிரியேட்டினை இழக்கிறது. அதில் ஒரு பகுதியை உடலே தயாரித்துக்கொள்ள, மீதியை இறைச்சியும் மீனும் உண்பவர்கள் உணவிலிருந்து பெறுகிறார்கள். அந்த வழி இல்லாத சைவர்களின் தசையில் கையிருப்பு பொதுவாகக் குறைவாக இருப்பதால், அவர்களுக்குத்தான் கிரியேட்டினால் கூடுதல் பயன்.

ஹைட்ரோகுளோரைடு தண்ணீரில் எளிதில் கரையும் என்பது உண்மைதான். ஆனால் மோனோஹைட்ரேட்டையும் குடல் ஏறக்குறைய முழுவதுமாக ஈர்த்துக்கொள்வதால், கோப்பையில் நன்றாகக் கரைவது தசையில் கூடுதலாகச் சேர்வதாக ஆகாது. அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் மோனோஹைட்ரேட் 14 கிராம் அளவே கரையும். ஒரு தம்ளரில் 5 கிராமைப் போட்டால் அடியில் மணல்போல் படியத்தான் செய்யும். அதைக் கலப்படம் என்று எண்ணிக் கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. வெதுவெதுப்பான நீரில் கலக்கி உடனே குடித்துவிடுங்கள். கலக்கிய நீரை மணிக்கணக்கில் வைத்திருக்க வேண்டாம். நீர் கோப்பது என்று அவர் சொல்வது தசைச் செல்லுக்குள் சேரும் நீர். எடை ஒரு கிலோ, சிலருக்குச் சற்று மேலும், கூடலாம். கால் வீக்கம் போன்ற நோய்க்குறி அல்ல அது.

சிறுநீரகத்தைப் பற்றிய உங்கள் அச்சத்துக்கு, என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவரின் அனுபவம் விடை சொல்லும். வேலந்தாவளம் பக்கத்தைச் சேர்ந்த, 49 வயது அலுவலக ஊழியர் அவர். கிரியேட்டின் எடுக்கத் தொடங்கிய மூன்றாம் மாதம் அலுவலக மருத்துவப் பரிசோதனை வந்தது. இரத்தத்தில் முந்தைய ஆண்டு 1.0 ஆக இருந்த கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள் 1.3 என்று வர, அதை வைத்து ஆய்வகம் கணக்கிட்ட சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 92-லிருந்து 67-க்கு இறங்கியிருந்தது. சிறுநீரகம் கெடத் தொடங்கிவிட்டது என்று அந்தக் குடும்பமே கலங்கிப்போனது. தசையிலுள்ள கிரியேட்டின் தானாகச் சிதையும்போது உண்டாகும் கழிவே கிரியேட்டினின். கையிருப்பு கூடினால் கழிவும் சற்றுக் கூடும். போதாக்குறைக்கு, இரத்தம் கொடுப்பதற்கு முந்தைய நாள் மாலைதான் அவர் கடுமையாகப் பயிற்சி செய்திருந்தார். தசையின் அளவை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின்-சி பரிசோதனையையும், சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்தின் அளவையும் பார்க்கச் சொன்னோம். இரண்டுமே இயல்பாக இருந்தன. மூன்று வாரம் நிறுத்திவிட்டு மறுபடி பார்த்தபோது கிரியேட்டினினும் பழைய நிலைக்கு வந்திருந்தது.

அவர் செய்யாமல் விட்ட ஒன்றை நீங்கள் செய்யுங்கள். முதல் டப்பாவைத் திறக்கும் முன், இரண்டு நாள் பயிற்சியில்லாமல் இருந்து, கிரியேட்டினின், சிறுநீர் அல்புமின் இரண்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரக நோய் முன்பே இருந்தால் கிரியேட்டினைத் தொட வேண்டாம். இரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தால் மருத்துவரிடம் கேட்டபின் தொடங்குங்கள். முழங்கால் வலிக்கென்று டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளை அடிக்கடி விழுங்கும் பழக்கம் இருந்தால், கிரியேட்டினைக் காட்டிலும் அதைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

இன்னும் ஒரு மாதம் பொறுத்துத் தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. விட்ட பயிற்சிக்குத் திரும்புகிறவரின் பலம் முதல் ஆறு வாரத்தில் தானாகவே வேகமாக ஏறும். அப்போது எது பயிற்சியால் வந்தது, எது பொடியால் வந்தது என்று பிரித்தறிய முடியாது. அதுவரை தூக்கிய எடையையும் முறைகளையும் நோட்டில் எழுதி வாருங்கள். பிறகு ஓய்வு நாள் உட்பட நாள்தோறும் 3 முதல் 5 கிராம், சாப்பாட்டோடு, எந்த வேளையிலும் எடுக்கலாம். முதல் வாரம் நாளுக்கு 20 கிராம் எடுக்கும் முறையால் தசை விரைவில் நிரம்பும், ஆனால் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடவும் கூடும். சிறிய அளவிலேயே நான்கு வாரத்தில் அதே நிலையை எட்டிவிடலாம். அதற்குப் பின், முன்பு எட்டு முறையோடு நின்ற எடையை ஒன்பது, பத்து முறை தூக்க முடிந்தால் அது வேலை செய்கிறது. இரண்டு மாதமாகியும் நோட்டில் மாற்றமே இல்லையென்றால், பலன் காணாத சிலரில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். அடுத்த டப்பாவை வாங்க வேண்டியதில்லை.