வகுப்பறையில் காலர் மைக் அடிக்கடி கட் ஆகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி: எட்டாம் வகுப்பு ஆசிரியை நான். சட்டை காலரில் மாட்டும் ஒயர்லெஸ் மைக் பாடத்தின் நடுவில் விட்டு விட்டுக் கேட்கிறது. பேட்டரி மாற்றியும் சரியாகவில்லை. ஆன்டெனா கோளாறா, பக்கத்து வகுப்பு மைக்கோடு மோதுகிறதா?

பதில்:

அடுத்த முறை கட் ஆகும்போது ரிசீவரில் RF என்று எழுதியிருக்கும் விளக்கைப் பாருங்கள். மைக் பெட்டியிலிருந்து அலை வந்து சேர்ந்தால் அது எரியும். பக்கத்தில் இருக்கும் AF விளக்கு, உங்கள் குரல் வருவதைக் காட்டும். RF எரிந்துகொண்டே இருக்க, AF மட்டும் செத்துப்போனால் அலையில் குறை இல்லை. பெரும்பாலும் மைக் வயர் பெட்டியில் சொருகும் இடத்தில் உள்ளே அறுந்திருக்கும். வயரை அங்கே லேசாக ஆட்டினால் கரகரக்கும். RF விளக்கே அணைகிறது என்றால்தான் ஆன்டெனா, பேட்டரி பக்கம் போக வேண்டும்.

பள்ளிகளில் ஒலிபெருக்கி மாட்டிக்கொடுப்பது என் வேலை. போன வருடம் ஒரு பள்ளியில் இதே புகார். டீச்சர் வகுப்பைப் பார்த்துப் பேசும்வரை சுத்தமாகக் கேட்கும், போர்டில் எழுதத் திரும்பினால் கட். பெட்டியை இடுப்பின் இடப்பக்கம் செருகி, மேலே முந்தானையைச் சுற்றியிருந்தார். ஆன்டெனா மடங்கி உடம்போடு ஒட்டிக் கிடந்தது. ரிசீவரோ ஸ்டீல் பீரோவுக்குள், ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால். உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்தானே, இந்த அலையை அது நன்றாகவே குடித்துவிடும். அவர் திரும்பியதும் பெட்டிக்கும் பீரோவுக்கும் நடுவே அவரே சுவராக நின்றார். இரும்புக் கதவு மிச்சத்தையும் தடுத்தது.

ரிசீவரை வெளியே எடுத்து பீரோவின் மேல், தலைக்கு மேலான உயரத்தில் வைத்தேன். அதன் இரண்டு ஆன்டெனாக்களையும் V மாதிரி விரித்துவிட்டேன். பெட்டியின் ஆன்டெனாவை மடக்காமல் நேராகத் தொங்கவிடச் சொன்னேன். 600 மெகாஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளம் 50 செ.மீ., ஆன்டெனா அதில் கால் பங்கு, சுமார் 12 செ.மீ. இருக்க வேண்டும். மடக்கினால் அந்தக் கணக்கே போச்சு. முக்கால்வாசி கோளாறு அன்றே போய்விட்டது.

ஆனால் மதியம் மட்டும் இன்னும் சிக்கல். நான் கூடவே உட்கார்ந்திருந்தபோது, திடீரென்று ஸ்பீக்கரில் ஏழாம் வகுப்பு வரலாறு கேட்டது! பக்கத்து வகுப்பிலும் அதே மாடல், கடையிலிருந்து வந்தபடி அதே சேனல். இவை எஃப்எம் முறையில் வேலை செய்பவை என்பதால் இரண்டு அலைகள் ஒரே இடத்தில் வந்தால் வலுவானதுதான் பேசும். நம் அலை இளைத்த நொடியில் அடுத்தவர் குரல் புகுந்துவிடும்.

இதை நீங்களே சோதிக்கலாம். உங்கள் மைக் பெட்டியை அணைத்துவிட்டு, ரிசீவரை மட்டும் போட்டு வையுங்கள். அப்போதும் RF எரிந்தால் வேறு யாரோ உங்கள் அலைவரிசையில் இருக்கிறார்கள். பக்கத்து வகுப்பு நடக்கும் நேரத்தில் பார்க்க வேண்டும், காலி நேரத்தில் பார்த்து பலன் இல்லை. சேனல் மாற்றும் வசதி இருந்தால் பெட்டி, ரிசீவர் இரண்டிலும் மாற்றுங்கள். இல்லாத மாடல் என்றால் கடைக்காரரிடம் வேறு அலைவரிசை செட் கேட்டு மாற்ற வேண்டியதுதான். மூன்று வகுப்புகள் என்றால் 641, 642, 643 மெகாஹெர்ட்ஸ் என்று சம இடைவெளியில் வைக்காதீர்கள். முதல் இரண்டும் அருகருகே இயங்கினால் 2×642−641, அதாவது 643-லேயே ஒரு போலி அலை பிறக்கும். மூன்றாவதை 643.4-க்கு நகர்த்தினால் தப்பலாம். பழைய செட் 700-க்கு மேல் இருந்தால், 2022 ஏலத்தில் அந்தப் பகுதியில் ஒரு பங்கு செல்போனுக்குப் போய்விட்டது, அதற்குச் செலவழிக்காதீர்கள்.

பேட்டரியை மாற்றிவிட்டேன் என்கிறீர்கள், எதை மாற்றினீர்கள்? விலை மலிவான சாதாரண செல் கையில் எடுத்து மீட்டரில் பார்த்தால் 1.5 வோல்ட் காட்டும், பெட்டியில் போட்டு சுமை ஏறியதும் சரியும். பத்து நிமிடம் அணைத்து வைத்தால் மறுபடி உயிர் வந்து, அரை பீரியடில் சாகும். இதுவே அடையாளம். அரை மணி நேரம் ஓடியதும் கழற்றி உடனே அளந்து பாருங்கள், 1.1-க்குக் கீழே என்றால் தூக்கிப்போடுங்கள். ஆல்கலைன் என்று எழுதியதையே வாங்குங்கள். ரீசார்ஜ் செல் ஓடும்போது பெரும்பாலும் 1.2 வோல்ட்தான், அதனால் பேட்டரி குறைவதைக் காட்டும் சிவப்பு விளக்கு சீக்கிரமே எரியலாம். பயப்பட வேண்டாம், ஆனால் எத்தனை பீரியட் தாங்குகிறது என்று ஒரு நாள் எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.