வெடிங் பிளானர்களுக்கு ஹாம்பர் விலையை முதல் மெசேஜிலேயே சொல்லலாமா?

கேள்வி: "வீட்டிலிருந்தே கிஃப்ட் ஹாம்பர் செய்கிறேன். வெடிங் பிளானர்களுக்கு வாட்ஸ்அப்பில் என்ன எழுதி அனுப்புவது? விலை, நாள் கணக்கெல்லாம் முதலிலேயே சொல்லணுமா?"

சொல்லுங்கள். "விலைக்கு டிஎம் பண்ணவும்" என்று எழுதினால் பிளானர் அடுத்த ஆளிடம் போய்விடுவார். அவரும் பெண் வீட்டுக்காரரிடம் ஒரு தொகை சொல்லியாக வேண்டுமே. நான் வெளியூர் விருந்தினர் அறையில் வைக்கும் கூடைகள் செய்கிறேன். அனுப்புவது இதுதான்:

"வணக்கம் மேடம். ஓலைக் கொட்டானில் 100 கிராம் கடலை மிட்டாய், கை முறுக்கு, மணமக்கள் பெயர் அட்டை: ஒன்று ₹280. பித்தளைக் குங்குமச் சிமிழும் சேர்த்தால் ₹420. குறைந்தது 50 கூடை. ஜிஎஸ்டி, டெலிவரி தனி. அட்டை டிசைனுக்கு ஓகே சொல்லி, பாதி அட்வான்ஸ் வந்த நாளிலிருந்து 50 கூடைக்கு 12 நாள், 200-க்கு 25 நாள். சாம்பிள் ₹300, ஆர்டர் வந்தால் கழித்துக்கொள்வோம்."

இதில் "ஓகே சொல்லி, அட்வான்ஸ் வந்த நாளிலிருந்து" என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். இல்லையென்றால் அவர்கள் விசாரித்த நாளிலிருந்து எண்ணுவார்கள். பெயரில் 'ன'வா 'ண'வா என்று இரண்டு வீடும் பேசி முடிக்கவே ஒரு வாரம் ஓடிவிடும்.

25 நாள் எப்படி வந்தது? எனக்குக் கொட்டான் பின்னித் தரும் மூன்று பேரும் சேர்ந்து ஒரு நாளைக்கு 12 முடிப்பார்கள். 200-க்கு 17 நாள். காய 3 நாள், அடுக்கிக் கட்ட 2 நாள், கைவசம் 3 நாள். முறுக்கு கடைசி நான்கு நாளில்தான் சுடுவோம். முன்பே சுட்டால் நமத்துப் போகும்.

காயும் நாளை ஒருமுறை நானே வெட்டினேன். ஐப்பசி அடைமழை, அவசர ஆர்டர். ஈரம் போகாத ஓலையை அப்படியே பிளாஸ்டிக் கவரில் கட்டிவிட்டேன். மூன்றாம் நாள் அடிப்பக்கம் வெள்ளையாகப் பூஞ்சை. 40 கூடை வீண். இப்போது மூடிய டப்பாவில் ஒன்றை ஓர் இரவு வைத்துப் பார்ப்பேன். காலையில் மூடியின் உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை.

விலைக்கு வருவோம். ₹280-இல் கொட்டான் 95, மிட்டாய் 35, முறுக்கு 40, அட்டையும் ரிப்பனும் 20, கூலி 25, ஆக 215. மீதி 65. பிளானர் பத்து சதவீதம் கமிஷன் கேட்டால் 28 போய் 37 நிற்கும். அதனால் கமிஷனை நினைத்தே விலை போடுங்கள், பிறகு கூட்டினால் கசப்புதான்.

அப்புறம், முகூர்த்த நாள் காலையில் அனுப்பாதீர்கள், யாரும் பார்க்க மாட்டார்கள். நான் ஆடி பிறந்ததும் அனுப்புவேன். கல்யாணம் இல்லாத மாதம். ஆவணிக்கு அவர்கள் ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள்.